தொண்ணூறு சொல்லில் ஒரு மனு

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்த அறைக்குள் நான் முதலில் கண்டது ஒரு பிஸ்கட் தகரம். சதுரத் தகரம். மூடியில் பனிக்கட்டிக்குள் ஓடும் குதிரைவண்டிப் படம், விளிம்பில் துரு. மேசையின் நடுவில் திறந்திருந்தது. உள்ளே இரண்டு கைத்தொலைபேசிகள் கிடந்தன. மூன்றாவதாக என்னுடையதைப் போட்டேன்.

"நிற்பாட்டிப்போட்டுப் போடுங்கோ சேர். போன முறை தகரத்துக்குள்ள இருந்து பாட்டுப் படிச்சது," என்றார் ஆலோசகர்.

எடுத்து நிற்பாட்டிவிட்டுத் திரும்பவும் போட்டேன்.

கிளிநொச்சியில், ஆசிரியர்களுக்கான பயிற்சி நடக்கும் கட்டடத்தின் பின்பக்க அறை அது. தரம் பதினொன்றின் தவணைப் பரீட்சைக்கு வரலாற்று வினாத்தாள் ஆக்க நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு எங்கள் பக்கத்து ஆசிரிய ஆலோசகர் தலைமை. செட்டிகுளத்தில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர், முல்லைத்தீவிலிருந்து ஒரு முஸ்லிம் ஆசிரியர், அக்கராயன் பக்கத்துப் பாடசாலையொன்றிலிருந்து நான். ஆசிரியர் தொழிலுக்கு வருமுன் நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். மற்றவர்கள் எழுதியதை வெட்டி, இருக்கிற இடத்துக்குள் அடக்குவது அங்கே என் வேலை. இந்த அறைக்கு என்னை அழைத்ததற்கும் அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

வினாத்தாள் ஆக்கும் நாளுக்கு விதிகள் உண்டு. உள்ளே போனால், தாள் தட்டச்சாகி, பிழை பார்த்து, உறையிலிட்டு முத்திரை வைக்கும்வரை வெளியே வரமுடியாது. தேநீரும் சாப்பாட்டுப் பார்சலும் கதவு வரைக்கும் வரும். யன்னல் பூட்டியிருக்கும். எழுதிய துண்டுத்தாள் எதுவும் வெளியே போகக்கூடாது. கடைசியில் எல்லாவற்றையும் கட்டடத்தின் பின்னால் இருக்கும் தார்ப்பீப்பாவுக்குள் போட்டு, எங்கள் கண்முன்னால் எரிப்பார்கள்.

முல்லைத்தீவு ஆசிரியர் எட்டரைக்கு வந்தார். பஸ் பிந்திவிட்டது. வெள்ளைச் சேர்ட்டின் முதுகு நனைந்திருந்தது. தொலைபேசியைத் தகரத்தில் போட்டுவிட்டு மூடியைத் தானே மூடினார். ஆலோசகர் கதவைச் சாத்தி உள்கொளுக்கியைப் போட்டார்.

"இனி ஆரும் மூச்சும் வெளிய விடக்கூடாது," என்றா ரீச்சர்.

மூச்சு விடுவதே கஷ்டம்தான். மின்விசிறி ஒன்று சுற்றியது. சுற்றிய காற்று சூடாக இருந்தது.

மற்ற வினாக்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. படம் குறிப்பது, சரியான விடையைத் தெரிவது, கட்டுரை. பதினொரு மணிக்குள் அவை முடிந்தன. மிச்சம் அந்த ஒன்று. இரண்டு மூலங்களைக் கொடுத்து, அவை எவ்வளவு நம்பகமானவை, ஒரு வரலாற்றாசிரியருக்கு எவ்வளவு பயன்படும் என்று பிள்ளைகளைத் தீர்மானிக்கச் சொல்லும் வினா. எங்கள் பக்கத்துத் தவணைத் தாள்களில் அது புதிது. ஒவ்வொரு மூலமும் தொண்ணூறு சொல்லுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் வாசித்து முடிக்கவே நேரம் போய்விடும்.

"பிள்ளையள் எல்லாம் ஒரே மாதிரித்தான் எழுதுதுகள்," என்றா ரீச்சர். "எழுதினவர் பக்கச்சார்பானவர், ஆகவே நம்பேலாது, ஆகவே பயனில்லை. மூண்டு வசனம். பேனையை மூடி வைச்சிட்டு யன்னலைப் பாக்குதுகள்."

"நாங்கள் படிப்பிச்சதுதானே," என்றார் ஆலோசகர்.

ரீச்சர் சொன்னது சரி. நம்பகத்தன்மையும் பயனும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் இந்த வினாவில் கஷ்டமான இடம். ஒரு ஆள் தன் பக்கத்தை மட்டும் சொல்லியிருந்தாலும், அவர் என்ன விரும்பினார், எதற்குப் பயந்தார் என்பதை அறிய அந்த எழுத்து நன்றாகப் பயன்படும். நடந்ததை அறிய வேண்டுமானால் கவனமாக இருக்கவேண்டும். எதை அறிய என்ற கேள்வி இல்லாமல் நம்பகம் என்று ஒன்று இல்லை. ஆகவே வினாவிலேயே அதை எழுதியாக வேண்டும். மூலத்தின் அடியில் யார், யாருக்கு, என்ன நோக்கத்தோடு எழுதினார் என்ற குறிப்பும் இருக்கவேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிள்ளை ஊகிக்கத்தான் முடியும்.

மூலங்களைக் கொண்டுவரும் பொறுப்பு முல்லைத்தீவு ஆசிரியருடையது. அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். சுத்தமான கையெழுத்து. நான் வாசித்தேன்.

முதலாவது, மூலம் அ: "குளக்கட்டில் நின்று பார்த்தபோது வயல் வரம்புகள் எதுவும் தென்படவில்லை. நிலம் முழுவதும் பற்றைகளும் இளமரங்களும் காணப்படுகின்றன. இங்கு எவரும் பயிரிட்டதற்கான அடையாளம் இல்லை. எனவே இதனைக் காடாகவே பேணலாம்." அடிக்குறிப்பு: ஒரு திணைக்களத்தின் கள அலுவலர், ஒருநாள் பரிசோதனைக்குப் பின் தம் மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கை.

இரண்டாவது, மூலம் ஆ: "இந்தக் குளத்தின் கீழ் எங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்து பெரும்போகம் விதைத்து வந்தோம். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது வரம்புகள் தெரியவில்லை. ஆனால் நீர் திறக்கும் துருசும் வாய்க்கால் கட்டும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் இல்லாத காலத்தில், இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்கள் இந்த வயல்களில் ஒரு பகுதியை விதைத்தார்கள். அவர்களும் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். அவர்கள்மீது எங்களுக்கு முறைப்பாடு இல்லை. எங்கள் வயல்களை மீண்டும் விதைக்க அனுமதி தருமாறு கேட்கிறோம்."

மூலம் ஆ-வின் அடியில் குறிப்பு இல்லை.

"இதை ஆர் எழுதினது?" என்று கேட்டேன்.

"போடவேணுமா?"

"போடாட்டி வினா நிக்காது."

அவர் பேனையின் மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "நான்தான் எழுதினனான். எங்கட விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். மூலம் அ-வில இருக்கிற அறிக்கைதான் எங்கட மனுவுக்கு வந்த பதில். மறுமொழியோட சேர்த்து அனுப்பியிருந்தாங்க."

ஆலோசகர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான்.

"வடிவா இருக்கு. மூலமும் நீங்கள், வினாவும் நீங்கள்."

"மார்க்ஸ் போடுறதும் நான்தானே சேர், எங்கட பள்ளிக்கூடத்துக்கு," என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம்.

தவணைப் பரீட்சையில் அந்தந்தப் பாடசாலை ஆசிரியரே விடைத்தாளைத் திருத்துவார். பிறகு ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் சில தாள்களை எடுத்து, புள்ளித்திட்டத்தின்படி திருத்தப்பட்டதா என்று இன்னொருவர் சரிபார்ப்பார். அதனால் அவர் சொன்னது பகிடியாகவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது.

எழுதியவரே தன் எழுத்தை வினாவாக வைக்கலாமா என்று ஆலோசகர் யோசித்தார். ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் இல்லை, செயலாளர் என்று மட்டும் போட்டால் ஆளைத் தெரியாது, பரவாயில்லை என்று முடிவு வந்தது. குறிப்பை நான் எழுதினேன்: "மீளக் குடியேறிய விவசாயிகள் சங்கத்தின் செயலாளர், வயல்களைத் திரும்பப் பெறுவதற்காக மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிய மனு." யார், யாருக்கு, எதற்கு. மூன்றும் இருந்தன.

தேநீர் வந்தபோது கதவருகே முல்லைத்தீவு ஆசிரியரும் நானும் நின்றோம். கொளுக்கி கழற்றி அரை அடி திறந்திருந்த கதவுக்கு வெளியே முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வெயிலில் நின்றது. ஏன் இதையே கொண்டுவந்தார் என்று கேட்டேன். பத்திரிகைப் பழக்கம்.

"மூண்டு அரசாங்கக் கந்தோருக்குக் குடுத்தம். ஒருத்தரும் விடயம் எண்டு மேல போட்ட வரிக்குக் கீழ வாசிக்கல்ல. பதிலைப் பார்த்தாலே தெரியும், நாங்க கேட்டது ஒண்டு, அவங்க சொன்னது வேற ஒண்டு." தேநீரை ஊதினார். "பரீட்சை எண்டா பிள்ளைகள் முழுக்க வாசிப்பாங்க. ரெண்டு தரம் வாசிப்பாங்க. சரி எண்டு சொல்லவேணாம், பிழை எண்டு சொன்னாலும் பரவாயில்ல. முழுக்க வாசிச்சிட்டுச் சொல்லட்டும்."

"நம்பேலாது எண்டு எழுதினா?"

"காரணத்தோட எழுதினா நான் மார்க்ஸ் போடுவன்," என்றார். "என்னத்துக்குக் கோபிக்கிறது?"

ஆலோசகர் கதவைச் சாத்தச் சொன்னார்.

வினாக்களை நான்கு பகுதியாகப் பிரித்தோம். முதல் இரண்டும் இலேசானவை: மூலம் அ என்ன சொல்கிறது, இரண்டு மூலங்களும் எதில் வேறுபடுகின்றன. மூன்றாவது: "இக்குளத்தின் கீழ் முன்னர் பயிர் செய்யப்பட்டதா என்பதை அறிய மூலம் ஆ எவ்வளவு தூரம் நம்பகமானது? காரணம் தருக." ஆறு புள்ளி. நான்காவது: "மீள்குடியேற்றத்தை ஆராயும் வரலாற்றாசிரியருக்கு இரு மூலங்களும் எவ்வளவு பயனுள்ளவை?" எட்டுப் புள்ளி.

அடுத்தது எங்கள் வழக்கம். ஒருவர் ஆக்கிய வினாவுக்கு, அறையில் இருக்கும் இன்னொருவர், புள்ளித்திட்டத்தைப் பாராமல், பிள்ளைக்குக் கொடுக்கும் நேரத்துக்குள் விடை எழுதிப் பார்க்கவேண்டும். ஆக்கியவருக்குத் தெளிவாக இருப்பது வாசிப்பவருக்குத் தெளிவாக இருக்காது. அது இந்தச் சோதனையில்தான் தெரியவரும். செட்டிகுளத்து ரீச்சரின் முறை. அவா கதிரையை மூலைக்குத் திருப்பிக்கொண்டு எழுதினா. முடித்துவிட்டுத் தாளை நீட்டினா.

"சேர், நீங்கள் வாசியுங்கோ. என்ர எழுத்து எனக்கே விளங்காது."

ஆலோசகர் உரத்து வாசித்தார். மூன்றாவது பகுதிக்கு அவா எழுதியிருந்தது இதுதான்: மனு எழுதியவர் வயல் வேண்டும் என்று கேட்பவர். ஆகவே தனக்குச் சாதகமானதைச் சொல்வார் என எதிர்பார்க்கலாம். ஆயினும் வரம்பு தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அது மூலம் அ-வுடன் பொருந்துகிறது. துருசும் வாய்க்காலும் இருப்பதாகச் சொல்வதை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். மேலும், வேறு குடும்பங்கள் அங்கு விதைத்ததைச் சொல்கிறார். அது அவருடைய உரிமைக் கோரிக்கையைப் பலவீனமாக்கக்கூடிய செய்தி. தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்பவரின் கூற்றை நாம் கூடுதலாக நம்பலாம்.

"ஆறுக்கு ஆறு," என்றேன். சோதனையில் வினா தேறிவிட்டது. தெளிவாக இருந்தது, விடை மூலத்துக்குள்ளேயே இருந்தது, கெட்டிக்காரப் பிள்ளை எட்டக்கூடிய இடம் ஒன்றும் மேலே இருந்தது.

முல்லைத்தீவு ஆசிரியர் ரீச்சருடைய தாளை ஆலோசகரின் கையிலிருந்து வாங்கி, அந்தக் கடைசி வசனத்தை இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். தாளைத் திரும்ப வைக்கும்போது அதை மேசை விளிம்புக்கு நேராக்கி வைத்தார்.

ஆனால் ஆலோசகர் மூலத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறு குடும்பங்கள்," என்றார். "இதை நான் கவனிக்கேல்லை."

"அதுதானே சேர் முக்கியம்," என்றா ரீச்சர்.

"முக்கியம்தான். அதுதான் பிரச்சினை. ஆர் அந்தக் குடும்பங்கள்?"

தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு வந்த தமிழ்க் குடும்பங்கள் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அப்படி வந்து விதைத்தவர்களில் என் சொந்தக்காரரும் இருந்திருக்கலாம். குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள் நாங்கள். பிறகு எத்தனை முறை எங்கெங்கே இடம்பெயர்ந்தோம் என்பது வேறு கதை.

"இந்தத் தாள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகேல்லை," என்றார் ஆலோசகர். "வகுப்பில ஒரு வாங்கில திரும்பி வந்தவையின்ர பிள்ளை இருக்கும். பக்கத்து வாங்கில விதைச்சவையின்ர பிள்ளை இருக்கும். பரீட்சை முடிஞ்சு வெளிய வந்து, உங்கட ஆக்கள்தான் எங்கட வயலை விதைச்சவை எண்டு ஒண்டு சொல்லும். பின்னேரம் தகப்பன் வருவார். மற்ற நாள் பேப்பரில வரும். ஆர் இதைப் போட்டது எண்டு கேட்டா, என்ர கையெழுத்துத்தான் இருக்கும்."

"முறைப்பாடு இல்ல எண்டுதானே எழுதியிருக்கு," என்றார் முல்லைத்தீவு ஆசிரியர். குரல் உயரவில்லை. "குத்தம் சொல்லல்ல சேர். அவங்களுக்காக எழுதின வசனம் அது."

"எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியுமே?"

"ரீச்சருக்குத் தெரிஞ்சுதே."

ஆலோசகர் ரீச்சரைப் பார்த்தார். அவா பேனையால் கதிரைக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தா. "என்ர வகுப்பில ரெண்டு பகுதியும் இருக்கு," என்றா. "வகுப்பில எண்டா நான் விளங்கப்படுத்துவன், பயமில்லை. பரீட்சை மண்டபத்தில நான் வாயே திறக்கேலாது. அதுதான் எனக்கு யோசனை." சிறிது பொறுத்து, "ஆனா அந்த வசனம் போனா வினா செத்துப்போகும் சேர்," என்றா.

நான் பென்சிலை எடுத்தேன். வெட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. வசனத்தை எடுக்காமல் கூர்மையை மட்டும் எடுக்கலாம் என்று நினைத்தேன். "இடையில் வேறு சிலரும் இங்கு பயிர் செய்தனர்" என்று எழுதிக் காட்டினேன்.

"வேறு சிலர் ஆர் எண்டு இன்னும் கூட யோசிக்கும்," என்றார் ஆலோசகர்.

"இடையிலும் இங்கு பயிர் செய்யப்பட்டது."

"அப்ப நாங்க அங்கயே இருந்து செய்த மாதிரி வருதே," என்றார் முல்லைத்தீவு ஆசிரியர். "அது பொய்."

அவர் சொன்னது சரி. அடித்தேன்.

"பேப்பர்காரருக்கே வெட்டேலாமப் போச்சு," என்றா ரீச்சர். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆலோசகர் தன் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். குளங்களைத் திருத்திய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் குறிப்பும், அதே காலத்து வரி விவரம் ஒன்றும். பத்திரமாக வைத்திருந்த மாற்று வினா. ஆட்கள் யாரும் உயிரோடில்லை. குளம் இரணைமடு மாதிரியான பெரிய குளம், எல்லாருக்கும் பொதுவானது.

"செத்த ஆக்களின்ர மூலம் எண்டா ஒருத்தரும் சண்டைக்கு வராயினம்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். பிறகு முல்லைத்தீவு ஆசிரியரைப் பார்த்து, தணிந்த குரலில்: "சேர், ரெண்டில ஒண்டு. அந்த வசனங்களை எடுத்திட்டு உங்கட மனுவைப் போடுவம். இல்லாட்டி இதைப் போடுவம். நீங்களே சொல்லுங்கோ. நான் பலவந்தப்படுத்தேல்லை."

நேரம் மூன்றரை இருக்கும். மின்சாரம் நின்றது. மின்விசிறி மெல்லமெல்ல நின்றுபோனது. யன்னலைத் திறக்க முடியாது. சாப்பாட்டுப் பார்சல்களின் மணம் அறைக்குள்ளேயே நின்றது. முல்லைத்தீவு ஆசிரியர் தொழுகைக்காக மூலையில் ஒரு துணியை விரித்தார். நாங்கள் மூவரும் மற்றப் பக்கம் திரும்பி இருந்தோம். அவர் முடித்துத் துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எடுங்க," என்றார்.

"எதை?"

"அந்த மூண்டு வசனத்தையும். மனு போகட்டும். போகாட்டி, எங்கட ஆக்கள் அங்க விதைச்சாங்க எண்டதே ஒரு பிள்ளைக்கும் தெரியாது."

நான் பென்சிலால் மூன்று வசனங்களையும் அடித்தேன். அந்த இடத்தில் "..." என்று மூன்று குற்று வைத்தேன். எடுத்த இடத்தைக் காட்ட அப்படி வைக்கவேண்டும். மூலம் என்று போட்டுவிட்டு, நடுவில் எடுத்ததை மறைக்கக்கூடாது.

"குற்று வைச்சா, அதில என்ன இருந்தது எண்டு கேக்கமாட்டினமே?" என்றார் ஆலோசகர்.

"வையாட்டி இது அவர் எழுதினது இல்லை," என்றேன்.

பத்திரிகையில் நான் வெட்டிய செய்திகளில் ஒருநாளும் குற்று வைத்ததில்லை. அங்கே அது வழக்கமில்லை. ஆலோசகர் என்னையும் தாளையும் பார்த்தார். கடைசியில், "சரி, கிடக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகுதான் புள்ளித்திட்டம். விடைத்தாளைத் திருத்துபவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். அதில் இல்லாத ஒன்றுக்குப் புள்ளி போட்டால் சரிபார்ப்பவர் வெட்டுவார். அதில் இருப்பதற்குப் போடாவிட்டால் சேர்ப்பார். ரீச்சர் எழுதக் கொப்பியைத் திறந்தா. மின்சாரம் வராததால் கதவடிக்குக் கதிரையை இழுத்து, கீழ் இடுக்கால் வந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தா.

"மூண்டாவது பகுதி. இப்ப என்னெண்டு எழுதுறது?" என்றா. "தனக்குப் பாதகமானதைச் சொல்லுறார் எண்டது இனிச் சரிவராது. வரம்பு தெரியேல்லை எண்டது இருக்கு, துருசு இருக்கு. மற்றது?"

நாங்கள் யோசித்தோம். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு முன்னால் இருப்பது அச்சிட்ட மூலம் மட்டும்தான். அச்சிட்ட மூலத்தை வைத்துப் பார்த்தால், எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளும் ஒரு விஷயத்தைக் கவனிக்கும். கவனிக்கவும் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆலோசகரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முல்லைத்தீவு ஆசிரியர் சொன்னார்: "எழுதுங்க ரீச்சர். மனுவை எழுதியவர் தம் தரப்பை மாத்திரமே கூறுகிறார். அக்காலத்தில் அங்கிருந்த ஏனையோரைப் பற்றி எதுவும் குறிப்பிடவில்லை. ஆகவே நம்பகத்தன்மை குறைகிறது."

ரீச்சரின் பேனை நின்றது.

"எழுதுங்க. இப்ப அதுதான் சரியான விடை."

"எத்தினை புள்ளி?"

"ரெண்டு," என்றார். "முக்கியமான காரணம்தானே."

அவா எழுதினா. வரம்பு பற்றியதற்கு இரண்டு, சரிபார்க்கக்கூடிய துருசுக்கும் வாய்க்காலுக்கும் இரண்டு. ஆறு சரியாக வந்தது. நான்காவது பகுதிக்கு, ஒருதலையான மனுவும் மீளக் குடியேறியவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதை அறியப் பயன்படும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. ஆலோசகரே தட்டச்சுச் செய்தார், இரண்டு விரலால். நான் திரையில் பிழை பார்த்தேன். குற்றுகள் மூன்றும் இருந்தன. உறையில் போட்டு ஒட்டினார்கள், நான்கு பேரும் ஒட்டின இடத்துக்கு மேலாகக் கையெழுத்து வைத்தோம். அதன் பிறகு துண்டுத்தாள்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வீதியில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது. முல்லைத்தீவு ஆசிரியர் தன் கையெழுத்தில் இருந்த இரண்டு தாளையும், ரீச்சர் எழுதிய விடையையும் பீப்பாவுக்குள் போட்டார். விடைத்தாள் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு முதலில் பற்றவில்லை. அவர் ஒரு கம்பால் தட்டிப் பிரித்துவிட்டார்.

தகரத்தைத் திறந்து தொலைபேசிகளை எடுத்தோம். அவருடையதில் வீட்டிலிருந்து பல அழைப்புகள். "ஓம், முடிஞ்சுது," என்று சொன்னது எனக்குக் கேட்டது. "ஓம், போட்டாங்க. நம்மட மனு வந்திருக்கு."

பரீட்சை நடந்தது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, பத்திரிகையில் எதுவும் வரவில்லை. அதற்குப் பின் ஒரு சனிக்கிழமை அதே கட்டடத்தில், முன்பக்க மண்டபத்தில், விடைத்தாள் சரிபார்ப்பு. யன்னல்கள் திறந்திருந்தன. வேறொருவரின் பாடசாலைக் கட்டு எனக்கு வரவேண்டும். வந்தது முல்லைத்தீவு ஆசிரியருடைய பாடசாலைக் கட்டு. அவர் அன்றைக்கு வரவில்லை. தாள்களை அனுப்பியிருந்தார்.

அவர் திருத்தியது சுத்தமாக இருந்தது. சிவப்புப் பேனை, சிறிய எழுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் ஒரு சரி, அதன் எண். சேர்க்க வேண்டியதும் வெட்ட வேண்டியதும் எனக்கு அதிகம் இருக்கவில்லை. பிள்ளைகள் அந்த வினாவுக்கு நிறைய எழுதியிருந்தார்கள். முழுக்க வாசித்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்கள். துருசை எடுத்தவர்கள் பலர். வரம்பை மூலம் அ-வோடு பொருத்திக் காட்டியவர்கள் சிலர். மூன்று குற்றுகளைப் பற்றி நான் பார்த்த தாள்களில் ஒருவரும் எழுதவில்லை.

மனு எழுதியவர் தன் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், அங்கு இருந்த மற்ற மக்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் சரி போட்டு, இரண்டு புள்ளியும் கொடுத்திருந்தார்.